யாரும் வராதபோது இருக்கை வரிசை நிறையுமா? வைல்டுகார்டு அட்டவணையும் அதன் அடிப்படை நிரையும்

நட்சத்திரக்குறி என்றால் "எதுவாகவும் இருக்கலாம்", கேள்விக்குறி என்றால் "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்". தேடும்போது தெரியாத எழுத்துகளுக்குப் பதிலாகப் போடும் இந்தக் குறிகளுக்கு வைல்டுகார்டு என்று பெயர். அவற்றைப் பற்றிப் பேச்சு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். முதல் கூற்று பாதி உண்மை. இரண்டாவது முழுத் தவறு. கோப்புகளைத் தேடும்போது இந்த அரைகுறைப் புரிதல் பெரிய தொல்லை தராது. விடை சரியில்லை என்றால் குறியை மாற்றிப் போட்டுப் பார்ப்போம், அவ்வளவுதான். ஆனால் ஒரு சொல் இந்தக் குறிகளோடு பொருந்துகிறதா என்று அட்டவணை போட்டுச் சரிபார்க்கும் நிரலை நாமே எழுத உட்காரும்போது, இந்த மங்கல் அட்டவணையின் முதல் வரியிலேயே காலை வாரிவிடுகிறது. அந்த முதல் வரியின் பெயர்தான் அடிப்படை நிரை.

கற்பவர்கள் எழுதும் நிரல்களைப் படிக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அட்டவணையின் உட்பகுதியை நிரப்பும் விதியைப் பெரும்பாலோர் சரியாக எழுதிவிடுகிறார்கள். பிழை இருப்பது மேல் நிரையில். "தொடக்க மதிப்புதானே" என்று கடந்துபோகும் அந்த இடத்தில்தான் நட்சத்திரக்குறியின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் அங்கேயே அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

## குறிகள் சொல்வது என்ன?

தேடுவதற்காக நாம் எழுதும் குறித்தொடரை வடிவம் என்போம். அதோடு ஒப்பிடப்படும் எழுத்துத்தொடரைச் சொல் என்போம். வடிவத்தில் மூன்று வகை உறுப்புகள் மட்டுமே உண்டு. சாதாரண எழுத்து தன்னைப் போன்ற ஓர் எழுத்தோடு மட்டும் பொருந்தும். `?` எந்த எழுத்தோடும் பொருந்தும், ஆனால் சரியாக ஓர் எழுத்தோடு. `*` எத்தனை எழுத்துகளோடும் பொருந்தும். எழுத்தே இல்லாத வெறுமையோடும் பொருந்தும்.

இதை நாற்காலிகளாக எண்ணிப் பாருங்கள். ஒரு மண்டபத்தில் இருக்கைகள் ஒரே வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. சில நாற்காலிகளில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது; அந்தப் பெயருக்குரியவர் மட்டுமே அதில் உட்காரலாம். சில நாற்காலிகளில் பெயர் இல்லை. யாரும் உட்காரலாம், ஆனால் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும். இடையிடையே நீண்ட பெஞ்சுகள் உண்டு. ஒரு பெஞ்சில் எத்தனை பேரும் உட்காரலாம், ஒருவருமே உட்காராமலும் விடலாம். பெயர் ஒட்டிய நாற்காலி சாதாரண எழுத்து, பெயரில்லாத நாற்காலி கேள்விக்குறி, பெஞ்சு நட்சத்திரக்குறி.

வருபவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, வந்த வரிசை மாறாமல் உட்கார வேண்டும். விதி இரண்டே. வந்தவர் யாரும் நிற்கக் கூடாது. எந்த நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது. பெஞ்சு மட்டும் காலியாக இருக்கலாம். இப்படி எல்லாரையும் உட்கார வைக்க ஒரு வழியாவது இருந்தால் சொல் வடிவத்தோடு பொருந்துகிறது.

"யாரும் நிற்கக் கூடாது" என்ற விதியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லின் நடுவே எங்காவது வடிவம் தென்பட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. `சல` என்ற வடிவம் "சலசல" என்ற சொல்லோடு பொருந்தாது; இரண்டு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். முன்னும் பின்னும் எதுவும் வரலாம் என்று விரும்பினால் `*சல*` என்றுதான் எழுத வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வேறொரு தேடல் மொழியிலும் இதே குறிகள் உண்டு, பொருள் வேறு. அங்கே `*` தனியாக நிற்காது. தனக்கு முன்னுள்ள உறுப்பு எத்தனை முறையும் வரலாம் என்று சொல்லும். அங்கே `?` முன்னுள்ள உறுப்பு வந்தாலும் வராவிட்டாலும் சரி என்று சொல்லும். தொடக்கத்தில் சொன்ன "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்ற தவறான விளக்கம் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இதுவரை பார்த்தது: `?` ஒரு நாற்காலி, கட்டாயம் நிறைய வேண்டும். `*` ஒரு பெஞ்சு, காலியாகவும் இருக்கலாம். பொருத்தம் என்பது முழுச் சொல்லுக்கும் முழு வடிவத்துக்கும் இடையில்தான்.

## பெஞ்சில் எத்தனை பேர்?

நாற்காலிகள் மட்டும் இருந்தால் வேலை எளிது. இடமிருந்து வலமாக ஒவ்வொருவராக உட்கார வைத்துக்கொண்டே போகலாம். சிக்கல் பெஞ்சில் தொடங்குகிறது. எத்தனை பேரை அதில் உட்கார வைப்பது என்பது பின்னால் வருபவர்களைப் பொறுத்தது. பெஞ்சின் அருகில் நிற்கும்போது அது தெரியாது.

"சலசல" என்ற சொல்லையும் `*ச?` என்ற வடிவத்தையும் எடுத்துக்கொள்வோம். முதலில் பெஞ்சு, பிறகு "ச" என்று ஒட்டிய நாற்காலி, பிறகு பெயரில்லாத நாற்காலி. முதலில் வருவது "ச". அதற்குரிய நாற்காலி கண்முன் இருக்கிறதே என்று அங்கே உட்கார வைத்துவிட்டால், அடுத்த "ல" பெயரில்லாத நாற்காலிக்குப் போகும். பிறகு ஒரு "ச", ஒரு "ல" நிற்கும், இடமில்லை. இதைப் பார்த்துப் பொருந்தவில்லை என்று முடிவு கட்டினால் தவறு. முதல் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் எல்லாருக்கும் இடம் கிடைத்திருக்கும்.

அப்படியானால் எல்லா வழிகளையும் முயன்று பார்க்கலாமா? சின்னச் சொல்லுக்குப் பார்க்கலாம். ஆனால் இருபது "ச" அடுத்தடுத்து வரும் ஒரு சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வடிவத்தில் `*ச` என்ற இணை பத்து முறையும், கடைசியில் `*ல` என்பதும் இருக்கட்டும். சொல்லில் "ல" இல்லை. விடை "இல்லை" என்பது நமக்குப் பார்த்தவுடன் தெரிகிறது. குருட்டுத்தனமாக முயலும் நிரலோ பெயர் ஒட்டிய அந்தப் பத்து நாற்காலிகளுக்கும் இருபது பேரிலிருந்து பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு வழியையும் முடித்துவிட்டுத்தான் தோல்வியை ஒப்புக்கொள்ளும். அவ்வழிகள் 1,84,756.

இத்தனை முயற்சிகளிலும் நிரல் கேட்பவை பெரும்பாலும் கேட்ட கேள்விகளே. "முதல் ஏழு பேரை முதல் ஆறு இருக்கைகளில் அமர்த்த முடியுமா?" என்பது போன்ற ஒரே கேள்விக்கு ஆயிரம் முறை புதிதாக விடை காண்கிறது. ஒருமுறை கண்ட விடையை எழுதி வைத்தால் போதும். சிறிய கேள்விகளின் விடைகளைச் சேமித்து, அவற்றிலிருந்து பெரிய கேள்வியின் விடையைக் கட்டும் இந்த முறைக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர்.

## அட்டவணை எதைக் கேட்கிறது?

விடைகளை எழுதி வைக்கும் இடம்தான் அட்டவணை. கிடைமட்டமாக ஓடுவது நிரை, செங்குத்தாக ஓடுவது நிரல். பள்ளிக் கணக்கில் அணிகளுக்குப் படித்த அதே பெயர்கள்தாம். நிரைகள் சொல்லின் எழுத்துகளுக்கு, நிரல்கள் வடிவத்தின் உறுப்புகளுக்கு. குழப்பம் வராமல் இருக்க, கணினி நிரலை இனி "கோடு" என்றே சொல்கிறேன்.

`i` ஆவது நிரையும் `j` ஆவது நிரலும் சந்திக்கும் கட்டம் கேட்கும் கேள்வி இது: சொல்லின் முதல் `i` எழுத்துகள், வடிவத்தின் முதல் `j` உறுப்புகளோடு முழுமையாகப் பொருந்துமா? விடை ஆம் அல்லது இல்லை. அந்தக் கட்டத்தை `t[i][j]` என்று குறிப்போம்.

இந்தக் கேள்வியைப் படித்ததும் ஒரு விஷயம் உறைக்க வேண்டும். `i` என்பது எழுத்தின் எண் அல்ல, எத்தனை எழுத்துகள் என்ற எண்ணிக்கை. எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஆகவே நான்கு எழுத்துச் சொல்லுக்கு 0, 1, 2, 3, 4 என ஐந்து நிரைகள் தேவை. மூன்று உறுப்பு வடிவத்துக்கு நான்கு நிரல்கள். பூஜ்ஜிய எழுத்துகள் கொண்ட நிரைதான் அடிப்படை நிரை. எழுத்தே இல்லாத அந்தச் சொல்லை வெற்றுச்சொல் என்போம்.

மேலே சொன்ன இருபது எழுத்துச் சொல்லுக்கும் இருபத்திரண்டு உறுப்பு வடிவத்துக்கும் எத்தனை கட்டங்கள்? 21 நிரைகள், 23 நிரல்கள், மொத்தம் 483. ஒவ்வொன்றையும் ஒரே முறை நிரப்பினால் போதும்.

## அடிப்படை நிரை: யாரும் வராத மண்டபம்

இப்போது நாம் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். அடிப்படை நிரை கேட்பது இதுதான்: மண்டபத்துக்கு யாருமே வரவில்லை, அப்போதும் இருக்கை வரிசையின் விதிகள் நிறைவேறுமா?

இருக்கையே இல்லை, ஆளும் இல்லை என்றால் விதி எதுவும் மீறப்படவில்லை. நிற்பவர் இல்லை, காலி நாற்காலியும் இல்லை. ஆகவே `t[0][0]` ஆம். வெற்றுச்சொல் வெற்று வடிவத்தோடு பொருந்துகிறது. இதை ஏற்கச் சிலருக்குத் தயக்கமாக இருக்கிறது, "ஒன்றுமே இல்லாதபோது எப்படிப் பொருத்தம்?" என்று கேட்கிறார்கள். விதி மீறப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். மீறப்படவில்லை என்றால் ஆம்.

ஓர் ஆளும் இல்லாத மண்டபத்தில் ஒரு பெஞ்சு மட்டும் கிடந்தால்? பெஞ்சு காலியாக இருக்கலாம். ஆம். இரண்டு பெஞ்சுகள் என்றாலும் ஆம். ஒரு நாற்காலி வந்துவிட்டால் கதை மாறுகிறது. பெயர் ஒட்டியதோ ஒட்டாததோ, அது நிறைய வேண்டும், நிரப்ப ஆள் இல்லை. இல்லை. அந்த நாற்காலிக்கு அப்புறம் எத்தனை பெஞ்சுகளைப் போட்டாலும் முன்னால் காலியாகக் கிடக்கும் நாற்காலியை அவை நிரப்பப்போவதில்லை. ஆகவே அதற்குப் பிறகு எல்லாம் இல்லை.

`**ச*` என்ற வடிவத்துக்கு அடிப்படை நிரை இப்படி வரும்:

| நிரல் | 0 (வெறுமை) | 1 `*` | 2 `*` | 3 `ச` | 4 `*` |
|---|---|---|---|---|---|
| நிரை 0 | ஆம் | ஆம் | ஆம் | இல்லை | இல்லை |

கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அங்கே நட்சத்திரக்குறிதான் இருக்கிறது, ஆனாலும் இல்லை. நட்சத்திரம் தன்னால் எதையும் ஆம் ஆக்குவதில்லை. தனக்கு இடப்பக்கத்தில் இருப்பதை அப்படியே வாங்கி எழுதுகிறது, அவ்வளவே. இதை ஒரே வரியில் சொன்னால்: நிரை 0-இல் உறுப்பு `*` ஆனால் இடப்பக்கக் கட்டத்தின் மதிப்பு, வேறு எதுவானாலும் இல்லை.

முதல் நிரலையும் ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அங்கே ஆட்கள் வந்திருக்கிறார்கள், இருக்கையே இல்லை. `t[0][0]` தவிர அந்த நிரல் முழுவதும் இல்லை.

சுருக்கமாக: அடிப்படை நிரை என்பது ஆம் ஆம் ஆம் என்று தொடங்கி, முதல் நாற்காலியில் முறிந்து, அதன்பின் மீளாத ஒரு வரிசை. வடிவத்தின் தொடக்கத்தில் அடுத்தடுத்து எத்தனை நட்சத்திரங்கள் உள்ளனவோ அத்தனை கட்டங்களும், அவற்றுக்கு முன்னுள்ள நிரல் 0-உம் மட்டுமே ஆம்.

## உள்ளே உள்ள கட்டங்கள்

மற்ற நிரைகளில் ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைப் பார்த்தே நிரம்புகிறது. கடைசியாக வந்தவர் எங்கே உட்கார்கிறார் என்று கேட்டால் விதி தானாக வரும்.

கடைசி இருக்கை நாற்காலி என்றால், கடைசி ஆள் அதில்தான் உட்கார வேண்டும். அவருக்கு அந்த நாற்காலி பொருந்துமானால், அவரையும் நாற்காலியையும் ஒதுக்கிவிட்டு மீதியைக் கேட்கிறோம். அது மேலே இடப்பக்க மூலையில் உள்ள கட்டம், `t[i-1][j-1]`. பொருந்தாவிட்டால் இல்லை.

கடைசி இருக்கை பெஞ்சு என்றால் இரண்டு வாய்ப்புகள். பெஞ்சு காலியாக இருக்கலாம். அப்போது பெஞ்சை எடுத்துவிட்டு அதே ஆட்களைக் கேட்கிறோம், அது இடப்பக்கக் கட்டம் `t[i][j-1]`. அல்லது கடைசி ஆள் பெஞ்சில் உட்கார்கிறார். அவரை மட்டும் எடுத்துவிட்டுக் கேட்கிறோம், அது மேல் கட்டம் `t[i-1][j]`. இரண்டில் ஒன்று ஆம் என்றால் ஆம்.

ஒருவர் உட்கார்ந்த பிறகும் ஏன் மூலைக் கட்டத்துக்குப் போகாமல் மேல் கட்டத்துக்குப் போகிறோம்? ஒருவர் உட்கார்ந்தாலும் பெஞ்சில் இன்னும் இடம் இருக்கிறது. அவருக்கு முன் வந்தவரும் அதே பெஞ்சில் இருக்கலாம். ஆகவே ஆளை எடுக்கிறோம், பெஞ்சை எடுப்பதில்லை. இங்கே மூலைக் கட்டத்தை எழுதுபவர்கள் தம்மை அறியாமல் பெஞ்சை ஓர் ஆளுக்கு மேல் தாங்காத நாற்காலியாக்கிவிடுகிறார்கள்.

இந்தப் பொது விதியை அடிப்படை நிரையின்மீது வைத்துப் பாருங்கள். நிரை 0-க்கு மேல் நிரை இல்லை. மேல் கட்டமும் மூலைக் கட்டமும் இல்லாமல் போகின்றன. எஞ்சுவது நட்சத்திரத்தின் இடப்பக்கக் கட்டம் மட்டும். நாம் மேலே கண்ட விதி அதுவேதான். அடிப்படை நிரை தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்கு அல்ல. அதே விதியில் ஆள் தேவைப்படும் பகுதிகளை நீக்கினால் கிடைப்பது.

## "சலசல", `*ச?`: கையால் ஒருமுறை

இனி முழு அட்டவணையையும் நிரப்புவோம். முதலில் அடிப்படை நிரை: வெறுமை ஆம், `*` ஆம், `ச` இல்லை, `?` இல்லை.

| | வெறுமை | `*` | `ச` | `?` |
|---|---|---|---|---|
| வெறுமை | ஆம் | ஆம் | இல்லை | இல்லை |
| ச | இல்லை | ஆம் | ஆம் | இல்லை |
| ல | இல்லை | ஆம் | இல்லை | ஆம் |
| ச | இல்லை | ஆம் | ஆம் | இல்லை |
| ல | இல்லை | ஆம் | இல்லை | ஆம் |

நிரை 1-ஐ மெதுவாகப் படிப்போம். `*` நிரலில் இடப்பக்கம் இல்லை, மேலே ஆம், ஆகவே ஆம். `ச` நிரலில் எழுத்து பொருந்துகிறது, மூலையில் அடிப்படை நிரையின் `*` கட்டம் ஆம், ஆகவே ஆம். `?` எந்த எழுத்தையும் ஏற்கும். ஆனால் மூலையில் இல்லை என்றிருப்பதால் இல்லை.

நிரை 2-இன் கடைசிக் கட்டம் ஆம் என்கிறது: "சல" மட்டுமே வந்திருந்தால் பொருந்தியிருக்கும். அவசரப்பட்டு அமர்த்திய வழி கண்டது இந்தப் பொருத்தத்தைத்தான். அட்டவணை இதையும் எழுதி வைக்கிறது, கூடவே `*` நிரலில் "இருவரும் பெஞ்சில் இருக்கலாம்" என்ற இன்னொரு வாய்ப்பையும் உயிரோடு வைத்திருக்கிறது. நிரை 3-இல் இரண்டாவது "ச" வரும்போது அந்த வாய்ப்பே மூலைக் கட்டமாகக் கைகொடுக்கிறது. அதன் தொடர்ச்சியாக நிரை 4-இன் கடைசிக் கட்டம் ஆம் ஆகிறது. கீழ் வலது மூலையில் உள்ள அதுவே முழுக் கேள்வியின் விடை.

அதே வேலை பைத்தான் மொழியில் கோடாக. `s` என்பது சொல், `p` என்பது வடிவம்:

```python
def matches(s, p):
    n, m = len(s), len(p)
    t = [[False] * (m + 1) for _ in range(n + 1)]
    t[0][0] = True
    for j in range(1, m + 1):
        if p[j - 1] == '*':
            t[0][j] = t[0][j - 1]
    for i in range(1, n + 1):
        for j in range(1, m + 1):
            if p[j - 1] == '*':
                t[i][j] = t[i][j - 1] or t[i - 1][j]
            elif p[j - 1] in ('?', s[i - 1]):
                t[i][j] = t[i - 1][j - 1]
    return t[n][m]
```

`p[j - 1]` என்று வருவதற்குக் காரணம், நிரல் எண் எண்ணிக்கையைக் குறிக்கிறது, பைத்தானில் எழுத்தின் இடமோ 0-இலிருந்து தொடங்குகிறது. வடிவத்தின் ஒன்றாவது உறுப்பு `p[0]`.

## மேல் நிரை பிழைத்தால் என்ன ஆகும்?

முதல் வகைப் பிழை, அடிப்படை நிரையில் `t[0][0]` மட்டும் ஆம் என்று வைத்து, நட்சத்திரங்களுக்கான வளையத்தை மறந்துவிடுவது. மேலே உள்ள அட்டவணையில் நிரை 0-இன் `*` கட்டத்தை இல்லை என்று மாற்றிப் பாருங்கள். நிரை 1-இன் `*` கட்டத்துக்கு இடப்பக்கமும் இல்லை, மேலேயும் இல்லை. அந்த நிரல் முழுதும் இல்லை ஆகிவிடும். அதை மூலையாகப் பார்க்கும் `ச` நிரல், அதைப் பார்க்கும் `?` நிரல் என எல்லாம் சரியும். ஒரே ஒரு கட்டம் தவறினால் "சலசல" பொருந்தவில்லை என்ற விடை வரும். அறிகுறி: நட்சத்திரத்தில் தொடங்கும் வடிவங்கள் மட்டும் எதனோடும் பொருந்தாமல் போகும். `ச*` போன்றவை சரியாகவே வேலை செய்யும். அதனால்தான் இந்தப் பிழை சோதனைகளில் நழுவிவிடுகிறது.

இரண்டாவது வகை இதற்கு நேர்மாறானது, இன்னும் நயவஞ்சகமானது. "நட்சத்திரம் வெறுமையோடும் பொருந்துமே" என்ற பாதி உண்மையை நம்பி, நட்சத்திரம் உள்ள இடமெல்லாம் ஆம் என்று எழுதுவது:

```python
if p[j - 1] == '*':
    t[0][j] = True
```

`ச*` என்ற வடிவத்துக்கு இது நிரை 0-இல் ஆம், இல்லை, ஆம் என்று வைக்கும். கடைசி ஆம் தவறு; "ச" நாற்காலி காலியாகக் கிடக்கிறது. வெற்றுச்சொல்லை யார் சோதிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. நட்சத்திர நிரலில் ஒவ்வொரு கட்டமும் மேல் கட்டத்தைப் பார்க்கிறது என்பதை நினைவுகூருங்கள். மேலே ஒரு தவறான ஆம் இருந்தால் அது நிரல் முழுக்க அடிவரை வழிந்து இறங்கும். விளைவாக `ச*` என்ற வடிவம் "ல" என்ற சொல்லையும் ஏற்கும், "பட" என்பதையும் ஏற்கும், எதையும் ஏற்கும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கான அட்டவணையைப் படித்துவிட்டு வருபவர்கள் இதே பிழைக்கு வேறொரு வழியில் வருகிறார்கள். அங்கே `ச*` என்பது "ச பூஜ்ஜிய முறையும் வரலாம்" என்று பொருள்படுவதால், நட்சத்திரக் கட்டம் இரண்டு இடம் தள்ளி `t[0][j-2]`-ஐப் பார்க்கும். அங்கே அது சரி. அந்த வரியை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் `ச*` வெற்றுச்சொல்லோடு பொருந்திவிடும். இரண்டு அட்டவணைகளும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் முதல் வேறுபாடு அடிப்படை நிரையிலேயே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது பிழை பைத்தானுக்கே உரியது. அட்டவணையை `[[False] * (m + 1)] * (n + 1)` என்று உருவாக்கினால், பார்வைக்குப் பல நிரைகள், உண்மையில் ஒரே நிரைக்குப் பல பெயர்கள். அடிப்படை நிரையில் எழுதும் ஒவ்வொரு ஆமும் எல்லா நிரைகளிலும் தோன்றும். அதன்பின் `ச` என்ற வடிவம் "லச" என்ற சொல்லை ஏற்பது போன்ற விசித்திரங்கள் நடக்கும். அடிப்படை நிரையை நிரப்பிய உடனே `t[1][0]`-ஐ அச்சிட்டுப் பாருங்கள். `True` என்று வந்தால் இதுதான் காரணம்.

இந்த மூன்றையும் பிடிக்க நான்கு சோதனைகள் போதும். வெற்றுச்சொல்லும் `**` வடிவமும்: ஆம். வெற்றுச்சொல்லும் `?` வடிவமும்: இல்லை. "ல", `ச*`: இல்லை. "லச", `ச`: இல்லை.

## இரண்டே நிரைகளில் முடிக்கலாமா?

ஒவ்வொரு நிரையும் தனக்கு நேர்மேலுள்ள நிரையை மட்டுமே பார்க்கிறது. ஆகவே முழு அட்டவணையையும் வைத்திருக்க வேண்டியதில்லை. முந்தைய நிரை, இப்போதைய நிரை என்ற இரண்டு போதும். முதல் "முந்தைய நிரை" அடிப்படை நிரையேதான். ஆனால் இரண்டு பட்டியல்களையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்றை மறக்கக் கூடாது. மேலே உள்ள கோட்டில் எழுத்து பொருந்தாத இடத்தில் நாம் எதையும் எழுதவில்லை, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே `False` இருந்தது. பட்டியலை மறுபடி பயன்படுத்தும்போது அங்கே பழைய மதிப்பு தங்கியிருக்கும். ஆகவே பொருந்தாத இடத்திலும், ஒவ்வொரு புதிய நிரையின் 0-ஆவது கட்டத்திலும் `False` என்று வெளிப்படையாக எழுத வேண்டும். முதன்முறை எழுதுபவர்களுக்கு முழு அட்டவணையே நல்லது என்பது என் எண்ணம். பிழை வந்தால் அச்சிட்டுக் கண்ணால் பார்க்கலாம்.

## ஓர் எழுத்து என்பது எது?

நான் எடுத்துக்காட்டுக்கு "சலசல" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதில் எல்லாம் அகரம் ஏறிய உயிர்மெய்கள். கணினியும் அதை நான்கு என்றே எண்ணும். "மரம்" என்ற சொல்லை எடுத்தால் நாம் மூன்று எழுத்து என்போம், பைத்தானின் `len` நான்கு என்னும். யுனிகோடில் "ம்" என்பது "ம" ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறியீடுகள். "கி", "லை" போன்றவையும் அப்படியே.

கோட்டில் `?` ஏற்பது ஒரு குறியீட்டை, ஓர் எழுத்தை அல்ல. ஆகவே `மர?` என்ற வடிவம் "மரம்" என்ற சொல்லோடு பொருந்தாது, `மர??` பொருந்தும். பைத்தானோடு வரும் `fnmatch` தொகுதியும் இப்படியே நடந்துகொள்ளும். இதைச் சரிசெய்ய அட்டவணையில் எதையும் மாற்ற வேண்டாம். சொல்லையும் வடிவத்தையும் முதலில் முழு எழுத்துகளாகப் பிரித்து, பட்டியல்களாகக் கொடுத்தால் போதும். தனியாக நிறுவிக்கொள்ளும் `regex` தொகுதியில் அதற்கு `\X` என்ற குறி உண்டு:

```python
import regex
s = regex.findall(r'\X', 'மரம்')
p = regex.findall(r'\X', 'மர?')
print(matches(s, p))
```

இப்போது `s`-இல் மூன்று உறுப்புகள், அட்டவணையில் நான்கு நிரைகள். விடை `True`.